ரெண்டு ஓரத்துல கார்டு எடுக்குற கணக்குக்கு நடுவுல ஏன் தேடணும்?

"வரிசையா கார்டு இருக்கு, இடது ஓரம் இல்லன்னா வலது ஓரத்துல இருந்து மட்டும் மொத்தம் k கார்டு எடுத்து அதிகபட்ச பாயிண்ட் வாங்கணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஓரத்துல எது பெருசோ அத எடுக்குற மாதிரி எழுதினேன், சாம்பிள் மூணும் பாஸ், சப்மிட் பண்ணா தப்புன்னு வருது. சொல்யூஷன்ல எல்லாரும் நடுவுல சின்ன விண்டோ தேடுறாங்க. ஓரத்துல எடுக்குற கணக்குக்கு நடுவுல என்ன வேலை?"

முதல்ல அந்த சாம்பிள் பாஸ் ஆன விஷயத்தப் பார்த்துடலாம், ஏன்னா உங்களத் தப்பா நம்ப வச்சதே அதுதான். இது லீட்கோட் 1423. முதல் சாம்பிள் `[1,2,3,4,5,6,1]`, k = 3, விடை 12. இதுல ரெண்டு ஓரத்துலயும் 1 தான் இருக்கு, அதாவது முதல் அடியே சமம். உங்க கோடுல அனேகமா `if left > right` இருந்தா இடது, இல்லன்னா வலதுன்னு எழுதியிருப்பீங்க. அப்போ சமமா இருக்கும்போது வலது பக்கம் போகும், 1 எடுத்ததும் பின்னாடி 6 தெரியும், அப்புறம் 5, மொத்தம் 12, பாஸ். அதே வரில `>` இருக்குற இடத்துல `>=` போட்டு ஓட்டிப் பாருங்க. இப்போ இடது பக்கம் போகும், 1, 2, 3 எடுத்து 6-னு நிக்கும். ஒரு குறி மாத்தினா விடை பாதியாகுதுன்னா, முதல்ல கிடைச்ச 12 உங்க முறை கண்டுபிடிச்சது இல்ல, சமத்துல எந்தப் பக்கம் சாஞ்சதுங்கறதுல கிடைச்சது. மத்த ரெண்டு சாம்பிள்ல ஒண்ணுல எல்லா கார்டும் 2, இன்னொண்ணுல k-யும் கார்டு எண்ணிக்கையும் ஒண்ணு, எல்லாத்தையும் எடுக்கணும். அதுல எந்தப் பக்கம் எடுத்தாலும் பாஸ் ஆகும்.

இப்போ பெரிய கார்டு முறை எங்க உடையுதுன்னு ஒரு உதாரணத்துல பார்ப்போம், பதில் முழுக்க இதையே வச்சுக்கலாம். நான் காலேஜ் பசங்களுக்கு இந்த மாதிரி கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது துண்டு பேப்பர்ல நம்பர் எழுதி மேஜைல அடுக்கிடுவேன், நீங்களும் அப்படி அடுக்கிப் பார்த்தா நல்லது. ஏழு கார்டு: `[4, 1, 20, 2, 3, 6, 5]`, k = 3. உங்க முறைப்படி முதல்ல 4-ஆ 5-ஆன்னு பார்த்து 5, அப்புறம் 4-ஆ 6-ஆன்னு பார்த்து 6, அப்புறம் 4-ஆ 3-ஆன்னு பார்த்து 4, மொத்தம் 15. ஆனா கண்ணால பார்த்தாலே தெரியுது, இடது பக்கம் மூணையும் எடுத்தா 4 + 1 + 20 = 25. அந்த 20 ஒரு 1-க்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, அத எடுக்கணும்னா மூணு வாய்ப்பையும் இடது பக்கமே செலவு பண்ணணும், ஓரத்த மட்டும் பார்க்குற முறைக்கு அது தெரியவே தெரியாது. சில பேரு இதப் பார்த்துட்டு, சரி ஒரு கார்டுக்கு பதிலா ரெண்டு கார்டு உள்ள எட்டிப் பார்த்து முடிவு பண்றேன்னு திருத்துவாங்க. அதுவும் ஆகாது. எத்தனை கார்டு எட்டிப் பார்த்தாலும் அதுக்கும் ஒரு கார்டு உள்ள தள்ளி பெரிய நம்பர வச்சு உங்க கோட உடைக்க முடியும், k கார்டு வரைக்கும் எட்டிப் பார்த்தாத்தான் தப்பிக்கலாம், அப்போ அது பெரிய கார்டு முறையே இல்ல.

விஷயம் திறக்குற இடம் இதுதான். கேள்வி "ஒவ்வொரு தடவையும்"னு சொல்றதால நம்ம மனசு அத வரிசையான முடிவுகளாப் பார்க்குது, இடது, வலது, இடது, இப்படி. k = 3-ன்னா 2 x 2 x 2, எட்டு விதமா எடுக்கலாம். ஆனா பாயிண்ட்டுக்கு எடுத்த வரிசை முக்கியமே இல்ல. இடது-வலது-வலதுன்னு எடுத்தாலும், வலது-இடது-வலதுன்னு எடுத்தாலும், வலது-வலது-இடதுன்னு எடுத்தாலும் கைல இருக்கறது அதே 4, 5, 6 தான். அதனால கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, இடது பக்கத்துல இருந்து மொத்தம் எத்தனை எடுத்தோம்? 0, 1, 2, 3, நாலே விதம். மீதி வலது பக்கத்துல இருந்து வந்தே ஆகணும். எட்டு வழி நாலு கையா சுருங்கிடுச்சு, பொதுவா சொன்னா 2-ன் அடுக்கு k ங்கறது k + 1-ஆ சுருங்குது. k = 30-ன்னா நூறு கோடிக்கு மேல இருந்த வழி வெறும் 31 கையாயிடுது. இந்த கணக்குல நிஜமான கண்டுபிடிப்பு இதுதான், விண்டோ இதுக்கு அப்புறம்தான் வருது.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன், ஏன் நடுவு. மேஜைல கார்ட வச்சிருந்தீங்கன்னா எடுத்தத விட்டுட்டு மேஜைல மீதி இருக்கறதப் பாருங்க. நீங்க எடுத்தது ரெண்டு துண்டு, இடது பக்கம் கொஞ்சம் வலது பக்கம் கொஞ்சம். ஆனா விட்டது எப்பவுமே ஒரே துண்டு, நடுவுல இடைவெளி இல்லாம, எப்பவுமே அதே நீளம், `n - k` கார்டு. நம்ம உதாரணத்துல 7 - 3 = 4 கார்டு. எல்லாரும் விண்டோன்னு சொல்றது இந்தத் துண்டத்தான். ரெண்டு துண்டப் பத்தி யோசிக்கறத விட ஒரு துண்டப் பத்தி யோசிக்கறது சுலபம், அவ்வளவுதான் காரணம். அப்புறம் மொத்தக் கூட்டல் மாறவே மாறாது, இங்க 41. எடுத்தது + விட்டது = 41, எப்படி எடுத்தாலும். எடுத்தது அதிகமாகணும்னா விட்டது குறைஞ்சே ஆகணும், அதனால "ஓரத்துல அதிகபட்சம்" அப்படிங்கற கேள்வியும் "நாலு கார்டு நீள விண்டோல குறைஞ்சபட்சம்" அப்படிங்கற கேள்வியும் ஒண்ணுதான். ஒரு சரிபார்ப்பும் இருக்கு: 7 கார்டுல 4 கார்டு விண்டோவ எத்தனை இடத்துல வைக்கலாம்? முதல் இடம், ரெண்டாவது, மூணாவது, நாலாவது, அதோட வலது ஓரம் முட்டிடும். நாலு இடம். மேல சொன்ன நாலு கையும் இந்த நாலு இடமும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்துது, எதுவும் விட்டுப் போகல, எதுவும் ரெண்டு தடவை வரல.

கைல போட்டுப் பார்ப்போம். முதல் விண்டோ 4, 1, 20, 2, கூட்டல் 27, அப்போ கைல 41 - 27 = 14, அதாவது வலது பக்கம் மூணும். ஒரு இடம் நகர்த்தினா 4 வெளிய போய் 3 உள்ள வருது, 27 - 4 + 3 = 26, கைல 15, இது உங்க கோடு குடுத்த விடை. இன்னொரு இடம், 1 வெளிய 6 உள்ள, 31, கைல 10. கடைசி இடம், 20 வெளிய 5 உள்ள, 16, கைல 25. குறைஞ்சது 16, விடை 25. இதுல விண்டோ கூட்டல் எப்படிப் போகுதுன்னு கவனிங்க, 27, 26, 31, 16. கொஞ்சம் இறங்குது, ஏறுது, திரும்ப பயங்கரமா இறங்குது. ஏறினதும் "இனிமே ஏறத்தான் செய்யும், நிறுத்திடலாம்"னு பிரேக் போட்டா 15-லயே நின்னிருப்பீங்க. வேகமாக்கறேன்னு பைனரி சர்ச் மாதிரி ஏதாவது உள்ள நுழைக்கிறவங்களும் இதுலதான் விழுவாங்க, ஏன்னா இந்தக் கூட்டலுக்கு ஒழுங்கான ஏத்த இறக்கம் எதுவும் கிடையாது. எல்லா இடத்தையும் பார்த்துத்தான் ஆகணும், ஆனா ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கழித்தல் ஒரு கூட்டல் போதும்ங்கறதால அது பெரிய வேலை இல்ல.

கோடு இப்படி இருக்கும்:

```python
def max_score(cards, k):
    w = len(cards) - k
    window = sum(cards[:w])
    smallest = window
    for i in range(w, len(cards)):
        window += cards[i] - cards[i - w]
        smallest = min(smallest, window)
    return sum(cards) - smallest
```

இதுல ரெண்டு இடத்துல பசங்க தடுமாறி நான் நிறைய பார்த்திருக்கேன். ஒண்ணு k-யும் n-ம் சமமா இருக்கும்போது. அப்போ `w` பூஜ்யம், விண்டோல ஒரு கார்டும் இல்ல. மேல இருக்குற கோடு அத தானா சமாளிச்சுக்கும், `cards[i] - cards[i - 0]` எப்பவும் பூஜ்யம், அதனால விண்டோ பூஜ்யமாவே இருக்கும், மொத்தக் கூட்டலே விடையா வரும். ஆனா சில பேரு வேற விதமா எழுதுவாங்க, ஒவ்வொரு கார்டா சேர்த்துட்டே போய், விண்டோ நிறைஞ்சதும் குறைஞ்சதக் குறிச்சுக்கிட்டு, அப்புறம் `cards[i - w + 1]` கழிக்கறது. அதுல `w` பூஜ்யம்னா அது `cards[i + 1]` ஆகிடும், கடைசி கார்டுல வரிசையத் தாண்டி வெளிய போய் எரர் அடிக்கும். அந்த மாதிரி எழுதுறவங்க ஆரம்பத்துலயே `if k == n` பார்த்து `sum(cards)` திருப்பிக் குடுத்துடணும். சாம்பிள் மூணாவது, `[9,7,7,9,7,7,9]` k = 7, இதப் பிடிச்சுடும், அதனால இந்தத் தப்பு சீக்கிரம் தெரிஞ்சுடும்.

ரெண்டாவது தப்பு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. விண்டோன்னு கேட்டதும் கை தானா நீளத்த `k`-ன்னு எழுதிடும், `n - k` எழுதாம. ஒரு பையன் ஒரு மணி நேரமா தன் கோடு சரியா இருக்குன்னு வாதாடினான், அவன் தானா எழுதி வச்சிருந்த டெஸ்ட் எல்லாமே பாஸ் ஆச்சு. கடைசில பார்த்தா அவன் வச்சிருந்த எல்லா உதாரணமும் 6 கார்டு k = 3, இல்லன்னா 4 கார்டு k = 2, அந்த மாதிரி. கார்டு எண்ணிக்கை k-க்கு ரெண்டு மடங்கா இருந்தா `k`-யும் `n - k`-யும் ஒரே நம்பர், தப்பு வெளிய வரவே வராது. இதப் பிடிக்க `[2,2,2]`, k = 2 போதும், தப்பான நீளத்துல 6 - 4 = 2 வரும், சரியான விடை 4. அதனால நீங்களா டெஸ்ட் எழுதும்போது பாதிக்குப் பாதி வர்ற மாதிரி நம்பர் எடுக்காதீங்க.

இன்னொரு விஷயத்தையும் நேரா சொல்லிடறேன், விண்டோ பார்வைதான் ஒரே வழின்னு இல்ல. k + 1 கைதான் இருக்குன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்தக் கைகளையே நேரா எண்ணலாம். இடது பக்கம் k கார்டையும் எடுத்து ஆரம்பிக்கணும், அப்புறம் இடதுல கடைசியா எடுத்தத திருப்பி வச்சுட்டு வலது ஓரத்துல ஒண்ணு எடுக்கணும், இப்படி k தடவை:

```python
def max_score(cards, k):
    s = sum(cards[:k])
    best = s
    for i in range(1, k + 1):
        s += cards[-i] - cards[k - i]
        best = max(best, s)
    return best
```

நம்ம உதாரணத்துல இது 25-ல ஆரம்பிச்சு, 20 போய் 5 வந்து 10, 1 போய் 6 வந்து 15, 4 போய் 3 வந்து 14. மேல விண்டோல வந்த அதே நாலு நம்பர், தலைகீழ் வரிசைல. உண்மையச் சொன்னா இது கொஞ்சம் சிக்கனமும் கூட, ஏன்னா விண்டோ முறை n கார்டையும் தொடணும், இது ரெண்டு ஓரத்துலயும் k கார்டு மட்டும் தொட்டா போதும், லட்சம் கார்டுல k = 5-ன்னா வித்தியாசம் பெருசு. அப்போ விண்டோ எதுக்குன்னா, யோசிக்கறதுக்கு. இடது எண்ணிக்கை வலது எண்ணிக்கைன்னு ரெண்டு கையிலயும் கணக்கு வச்சுக்காம ஒரே துண்டு நகருதுன்னு பார்த்தா தப்பு விடுற வாய்ப்பு கம்மி, அதோட அந்தப் பார்வை அடுத்த கணக்குக்கும் கூட வரும். லீட்கோட் 1658 எடுத்துப் பாருங்க, ரெண்டு ஓரத்துல இருந்து நம்பர எடுத்து x-அ சரியா பூஜ்யமாக்கணும், முடிஞ்ச வரை கம்மியா எடுக்கணும். அதுல எத்தனை எடுக்கணும்னே தெரியாது, ஓரத்துல இருந்து யோசிச்சா தலை சுத்தும். விட்டதப் பார்த்தா, கூட்டல் சரியா `total - x` வர்ற நடுத் துண்டுல எது நீளமானதுன்னு தேடினா முடிஞ்சுது. அங்க எல்லா நம்பரும் பாசிட்டிவ்னு குடுத்திருக்கறதால விரிஞ்சு சுருங்குற விண்டோ வேலை செய்யும்.

இது எதுவரைக்கும் நிச்சயமா ஓடும்ங்கறதையும் தெரிஞ்சுக்கங்க. 1423-ல எல்லா கார்டும் பாசிட்டிவ், ஆனா நம்ம தந்திரத்துக்கு அது தேவையே இல்ல, நெகட்டிவ் இருந்தாலும் எடுத்தது + விட்டது = மொத்தம்ங்கறது மாறாது. `[-5, 2, -4]`, k = 2 போட்டா மொத்தம் -7, ஒரு கார்டு விண்டோல குறைஞ்சது -5, விடை -2, சரியா இருக்கும். ஆனா ஆரம்பத்துல `best = 0`-ன்னு வைக்கிற பழக்கம் இருந்தா அங்க தப்பா 0 வரும். அதுவே கேள்வி "சரியா k" இல்ல "k வரைக்கும்"னு மாறினா நிலைமை வேற, அப்போ எதுவுமே எடுக்காம 0 வாங்கறதுதான் சரி, விட்ட துண்டோட நீளம் `n - k`-ன்னு நிலையா இருக்காது, `n - k` அல்லது அதுக்கு மேலன்னு ஆகிடும். அதுக்கு வலது பக்கம் எடுக்குற ஒவ்வொரு எண்ணிக்கைக்கும், மீதி இருக்குற அளவுக்குள்ள இடது பக்கத்துல கிடைக்குற சிறந்த கூட்டல வச்சு சேர்க்கணும், நிலையான நீள விண்டோ அங்க போதாது.

முழுசா உடையுற இடம், வரிசைக்கு மதிப்பு வந்துடுச்சுன்னா. முதல்ல எடுத்த கார்டுக்கு ஒரு மடங்கு, ரெண்டாவதுக்கு ரெண்டு மடங்குன்னு வச்சா 4, 5-னு எடுத்தா 14, 5, 4-னு எடுத்தா 13, ஒரே கை ரெண்டு வேற வேற பாயிண்ட் குடுக்குது, அப்போ எட்டு வழி நாலா சுருங்கின அந்த வாதமே போச்சு. லீட்கோட் 1770 அந்த மாதிரிதான், அதுக்கு டிபி, அதாவது சின்ன நிலைகளோட விடைய சேமிச்சு வச்சு பெரிய விடையக் கட்டுற முறை, போடணும். எதிர்ல இன்னொருத்தர் உக்காந்து மாறி மாறி எடுக்குற விளையாட்டும் அப்படித்தான், நீங்க எடுக்கறது அவர் எடுக்கறதப் பொறுத்து மாறும். இந்த ரெண்டும் பார்க்க 1423 மாதிரியே இருக்கும், கேள்வியப் படிச்சதும் "அதே கார்ட வேற வரிசைல எடுத்தா பாயிண்ட் மாறுமா"ன்னு ஒரு தடவை கேட்டுக்கங்க, மாறாதுன்னா மட்டும் விண்டோவுக்குப் போங்க.

டிபி எல்லாத்துக்கும் போட்டுடலாமேன்னு தோணலாம், 1423-க்கும் அது சரியான விடை தரும். இடதுல எத்தனை, வலதுல எத்தனைன்னு ரெண்டு நம்பர வச்சு மெமோ பண்ணுவோம். ஆனா k லட்சம் வரைக்கும் போகலாம்னு குடுத்திருக்காங்க, அப்போ நிலைகளோட எண்ணிக்கை கிட்டத்தட்ட 500 கோடி, நேரமும் மெமரியும் ரெண்டும் தாங்காது, பைத்தான்ல ரிகர்ஷனா எழுதினா அதுக்கு முன்னாடியே ஆயிரம் ஆழத்துல நின்னுடும். கூட்டல் பெருசாகி வழியுமான்னு பயப்பட வேண்டாம், லட்சம் கார்டு, ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 10,000, மொத்தம் 100 கோடி, சி++ல சாதாரண `int` 214 கோடி வரைக்கும் தாங்கும்.

அந்த மெதுவான ரிகர்ஷனுக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் இருக்கு, உங்க கோட சோதிக்க. கேள்வில சொன்னத அப்படியே எழுதினது, தந்திரம் எதுவும் இல்ல, அதனால தப்பு இருக்க இடமே கம்மி:

```python
def brute(a, k):
    if k == 0:
        return 0
    return max(a[0] + brute(a[1:], k - 1),
               a[-1] + brute(a[:-1], k - 1))
```

1-ல இருந்து 8 கார்டு வரைக்கும், நம்பர் 1-ல இருந்து 9-க்குள்ள, k-வ 1-ல இருந்து n வரைக்கும் எல்லாத்தையும் போட்டு, சும்மா ஆயிரம் தடவை ரெண்டையும் ஓட்டி ஒப்பிடுங்க, சில நொடில முடிஞ்சுடும். உங்க பழைய பெரிய கார்டு கோடையும் இதே மாதிரி ஓட்டிப் பாருங்க, விடை மாறுற முதல் வரிசைய பிரிண்ட் பண்ணுங்க. அனேகமா நாலு அஞ்சு கார்டுலயே ஒண்ணு மாட்டும், அதுல சின்ன கார்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய கார்டு நிக்கறத நீங்களே பார்ப்பீங்க.